செலவு கூடியது ஏன்? மேலாளருக்கு ஓர் அரைப் பக்கம்

நம் வணிகர்களிடையே ‘மெமோ’ என்ற சொல்லுக்கே ஒரு கெட்ட பெயர் உண்டு. தவறு செய்த சிப்பந்திக்கு முதலாளி கொடுப்பது மெமோ. வாங்கியவர் முகம் சுண்டிப் போகும். நாம் இங்கே எழுத வந்தது அந்த மெமோவைப் பற்றி அல்ல. கீழேயிருந்து மேலே போகிற மெமோவைப் பற்றி. இந்த மூன்று மாதத்துக்கு விளம்பரத்துக்கும் விற்பனை ஊக்கத்துக்கும் இவ்வளவுதான் செலவு என்று முன்கூட்டியே பட்ஜெட் போட்டிருப்பார்கள். காலாண்டு முடிந்து கூட்டிப் பார்த்தால் தொகை மீறியிருக்கும். ஏன் மீறியது என்று அந்த வேலையைப் பார்த்தவர் மேலாளருக்கு அரைப் பக்கம் எழுதித் தரவேண்டும். அந்த அரைப் பக்கத்தை எழுதத் தெரிந்தவர்களும் குறைவு, படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு என்பது நம் அபிப்பிராயம்.

“இது கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம், மளிகைக் கடைக்கு எதற்கு?” என்று சில அன்பர்கள் கேட்கலாம். இன்றைக்கு நம்மில் பல மொத்த வியாபாரிகள் சொந்த மார்க்கில் மாவும் மசாலாவும் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். லைன் போக நான்கு பையன்கள், அவர்களுக்கு ஒரு பொறுப்பாளர், கணக்குக்கு ஒருவர், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மேலாளர் என்று வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது நேராகவே உதவும். சொந்த மார்க் இல்லாத சில்லறைக் கடைக்காரரும் இதில் தப்ப முடியாது. ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம்) டஜனுக்கு ஒரு பாக்கெட் இலவசம் என்று அறிவித்துவிட்டு மாத நடுவிலே திடீரென்று நிறுத்தியது. அதை நம்பிக் கடைகளுக்கு இலவசப் பாக்கெட்டைக் கொடுத்து முடித்த விநியோகஸ்தருக்கு அந்தப் பணம் வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. பின்னால் விசாரித்தால், அந்தப் பகுதி அதிகாரி செலவு கூடியதற்குச் சரியான காரணம் எழுதவில்லை. மேலே இருந்தவர்கள் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் குழாயை மூடிவிட்டார்கள். எங்கோ எழுதாமல் விட்ட அரைப் பக்கத்தின் பாரம் நம் கல்லாப் பெட்டியில் வந்து விழுந்தது.

இனி கணக்குக்கு வருவோம். சொந்த மார்க்கில் கடலை மாவு போடும் ஒரு மொத்தக் கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் மனத்தில் நிற்கவேண்டும் என்பதற்காக அவற்றை முழு எண்களாக்கியே தருகிறோம். அரைக் கிலோ பாக்கெட் 20 கொண்டது ஒரு பெட்டி. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை உள்ள காலாண்டுக்கு அவர்கள் போட்ட பட்ஜெட் ரூ. 2,00,000. பெட்டிக்கு ஒரு 200 கிராம் பாக்கெட் இலவசம் என்ற ஸ்கீமுக்கு ரூ. 1,00,000. அதாவது 5,000 பெட்டி போகும், இலவசப் பாக்கெட்டின் அடக்கம் ரூ. 20 என்று கணக்கு. சுவர் விளம்பரம், போஸ்டர் வகைக்கு ரூ. 40,000. நல்ல வாடிக்கைக் கடைகள் ஐம்பதுக்கு மார்க் பெயர் போட்ட சுவர்க் கடிகாரம், ஒன்று ரூ. 500 வீதம் ரூ. 25,000. ஆட்டோ ஒலிபெருக்கிக்கும் உள்ளூர் கேபிள் டி.வி.க்கும் ரூ. 35,000.

செப்டம்பர் 30ஆம் தேதி முடிவில் ஆன செலவு ரூ. 2,68,000. கூடியது ரூ. 68,000, நூற்றுக்கு 34.

இந்த இடத்தில் வழக்கமாக எழுதி வருவது எப்படி இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். “போட்டி அதிகமாகிவிட்டது. எதிர்பார்த்த 5,000 பெட்டிக்குப் பதில் 6,000 பெட்டி விற்றிருக்கிறோம். விற்பனை கூடியதால் செலவும் கூடியது. தயவு செய்து ஏற்றுக்கொள்ளவும்.” இதில் பொய் ஒன்றும் இல்லை. 6,000 பெட்டி போனது உண்மைதான். ஆனாலும் இந்த நான்கு வரியைக் கையில் வாங்கும் மேலாளர் என்ன செய்வார்? பெட்டிக்கு 60 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், கூட விற்ற ஆயிரம் பெட்டிக்கு லாபம் ரூ. 60,000. கூடிய செலவு ரூ. 68,000. ஆக எட்டாயிரம் நஷ்டம் என்று முடிவு கட்டி, அடுத்த காலாண்டில் எல்லா இனத்திலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவார். தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஸ்கீம் நிற்கும். பொறுப்பாளர் சம்பளத்திலும் கை வைப்பார்கள். இத்தனைக்கும் அந்த 68,000இல் பாதிக்கு மேல் செலவு கூடியதே அல்ல. முன்கூட்டியே வந்த செலவு.

அது எப்படி என்பதைத்தான் குறிப்பு எழுதுகிறவர் காட்டவேண்டும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. 2025இல் அக்டோபர் 20ஆம் தேதி. பதினொரு நாள் முன்னால். பட்ஜெட் போட்டவர் மார்ச் மாதம் உட்கார்ந்து, சென்ற ஆண்டுக் காலாண்டுக் கணக்கைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார், பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. சென்ற ஆண்டு தீபாவளிப் போஸ்டர் அக்டோபர் முதல் வாரத்தில் அச்சாகிக் கடைகளில் ஒட்டப்பட்டது. ஆகவே அந்த ரூ. 24,000ஐ அக்டோபர்–டிசம்பர் காலாண்டிலே வைத்திருந்தார். இந்த முறை அக்டோபர் முதல் வாரத்தில் அச்சுக்குக் கொடுத்தால் பலகாரத்துக்கு மாவு வாங்குகிற கூட்டம் போன பிறகுதான் போஸ்டர் வரும். எனவே செப்டம்பர் 26ஆம் தேதிக்குள் வேலையை முடித்தார்கள். போஸ்டர் வகையில் 40,000 என்பது 64,000 ஆனதற்கு இது ஒன்றே காரணம்.

போஸ்டர் மட்டும் முன்னால் வரவில்லை, விற்பனையும் முன்னால் வந்தது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அந்தக் கடையில் வாரத்துக்குச் சுமார் 400 பெட்டி கடலை மாவு போவது வழக்கம். செப்டம்பர் கடைசி இரண்டு வாரத்தில் 800 பெட்டி போகவேண்டிய இடத்தில் 1,500 பெட்டி போயிருக்கிறது. மக்கள் திடீரென்று பஜ்ஜி தின்ன ஆரம்பித்துவிடவில்லை. சென்ற ஆண்டு அக்டோபரில் எடுத்த தீபாவளிச் சரக்கைக் கடைக்காரர்கள் இந்த ஆண்டு செப்டம்பர் கடைசியிலே எடுத்துவிட்டார்கள். ஆக, கூட விற்ற 1,000 பெட்டியில் 700 பெட்டி அடுத்த காலாண்டுக்கு உரியது. உண்மையாக வளர்ந்த விற்பனை 300 பெட்டிதான். ஆர்டர் புத்தகத்தை வாரவாரியாகக் கூட்டினால் அரை மணி நேரத்தில் இது தெரிந்துவிடும். காலாண்டு மொத்தத்தைப் பார்த்தால் ஒருநாளும் தெரியாது.

அடுத்தது ஸ்கீம் பாக்கெட்டின் அடக்கம். கடலைப் பருப்பு விலை ஏறியதால் மாவின் அடக்கம் கிலோ 100 என்று போட்டிருந்தது 110 ஆயிற்று. 200 கிராம் பாக்கெட் 20 ரூபாயிலிருந்து 22 ரூபாய் ஆயிற்று. இதைப் பிரித்துச் சொல்வதில் ஒரு முறை இருக்கிறது. கூடப் போன ஆயிரம் பெட்டியைப் பழைய விலையான 20ஆல் பெருக்கவேண்டும், வருவது ரூ. 20,000. ஏறிய 2 ரூபாயைப் போன பெட்டிகள் அனைத்துக்கும், அதாவது 6,000க்கும், பெருக்கவேண்டும், வருவது ரூ. 12,000. இரண்டும் சேர்ந்து 32,000. ஸ்கீம் செலவு 1,00,000இலிருந்து 1,32,000 ஆனதற்குக் கணக்கு நேராகிவிட்டது. ஆயிரத்தை 22ஆல் பெருக்கி, இரண்டு ரூபாயையும் ஆறாயிரத்தால் பெருக்கினால் 34,000 என்று வந்து நிற்கும். இந்த இரண்டாயிரம் எங்கிருந்து முளைத்தது என்று கணக்குப்பிள்ளை தலையைப் பிய்த்துக்கொள்வார். குறிப்பில் ஒரு கூட்டல் இடித்தால் போதும், மீதியையும் மேலாளர் நம்பமாட்டார்.

பருப்பு விலை ஏறியதற்கு விற்பனைப் பொறுப்பாளர் ஜவாப்தாரி அல்ல. அதையும் ஒரு வரியில் சொல்லவேண்டும். விற்ற ஒவ்வொரு பாக்கெட்டின் அடக்கமும் அதே அளவு ஏறியிருக்கும்; இலவசப் பாக்கெட் மட்டும் விளம்பரச் செலவு என்ற தலைப்பில் வந்து கண்ணில் படுகிறது, அவ்வளவே.

கடிகாரத்தின் கதை வேறு. 50 கடிகாரம், ஒன்று 500 வீதம் 25,000 என்று பட்ஜெட் சரியாகவே இருந்தது; வாங்கியதும் அதே விலைக்குத்தான். ஆனால் செலவு 29,500 என்று வந்திருக்கிறது. கூடிய 4,500 கடிகாரத்தின் மேல் நூற்றுக்கு 18 வீதம் கட்டிய ஜி.எஸ்.டி. வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்து, வரியில்லாத விலையை மட்டும் பட்ஜெட்டில் எழுதியிருந்தார்கள். ஆனால் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவில், அன்பளிப்பாகவோ இலவச மாதிரியாகவோ கொடுத்துவிட்ட சரக்குக்கு உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது என்று இருக்கிறது. பெட்டியோடு சேர்த்துக் கொடுக்கும் இலவச மாவுப் பாக்கெட்டுக்கு அந்தத் தடை இல்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது இரண்டு பொருளை ஒரே விலைக்கு விற்பதாகும் என்று 2019 மார்ச் 7ஆம் தேதிய 92ஆம் எண் சுற்றறிக்கை விளக்கியிருக்கிறது. மாவுக்கு மாவு கொடுக்கும்போது விஷயம் எளிது. மாவோடு பிளாஸ்டிக் டப்பா, எவர்சில்வர் கரண்டி என்று வேறு வரி விகிதம் உள்ள பொருளைச் சேர்த்துக் கொடுக்கிறவர்கள், மொத்தத்துக்கும் எந்த விகிதம் விழும் என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. நிபந்தனை ஏதுமின்றிப் பிரியத்துக்குக் கொடுக்கும் கடிகாரம் அன்பளிப்புதான். அதன் வரி நம் தலையில்தான்.

கடைசியில் ஆட்டோ. ஆகஸ்டில் எதிர் மார்க்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சுற்றினார்கள். நம் பொறுப்பாளருக்குப் பொறுக்கவில்லை. ஏற்பாடு செய்த நாட்கள் முடிந்த பிறகும் யாரையும் கேட்காமல் இன்னும் ஐந்து நாள் ஓடச் சொன்னார். நாளைக்கு ரூ. 1,500. ஆக ரூ. 7,500. கூடிய தொகையில் அவருடைய சொந்த முடிவால் வந்தது இது ஒன்றுதான். 68,000இல் 7,500. ஆனால் குறிப்பை மழுப்பி எழுதினால் மேலாளர் 68,000 முழுவதையும் இவர் தலையில் கட்டுவார். ஆகவே இந்த 7,500ஐத் தெளிவாக ஒப்புக்கொண்டு எழுதுவது பொறுப்பாளருக்கே பாதுகாப்பு.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட்டுக் குறிப்பின் வாசகத்துக்குப் போவோம். ரொக்கப் புத்தகத்தைப் பார்த்தால் அந்தக் கடையில் செலவு 2,68,000 என்று இருக்காது. 2,59,000 என்றுதான் இருக்கும். போஸ்டர் பாக்கியில் ரூ. 9,000க்கு அச்சகத்தார் பில் அக்டோபர் 3ஆம் தேதிதான் வந்தது. பணம் போகாததால் செலவு இல்லை என்று விட்டுவிட்டால், இந்தக் காலாண்டில் மீறியது 59,000 என்று குறைவாகத் தெரியும்; அடுத்த காலாண்டில் 9,000 அநாதையாக வந்து நிற்கும். போஸ்டர் செப்டம்பரில் சுவரில் ஏறிவிட்டது. பில் எப்போது வந்தாலும் அது செப்டம்பர் செலவுதான். சில இடங்களில் பொறுப்பாளர்களே அச்சகத்தாரிடம் “பில்லை ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள்” என்று சொல்லிவைப்பதும் உண்டு. மேலாளர் அடுத்த காலாண்டின் முதல் பத்து நாளில் வந்த பில்களை எடுத்து, வேலை நடந்த தேதியைப் பார்த்தால் இது வெளியே வந்துவிடும்.

இப்போது குறிப்பு. கீழே கண்டது நம் மாதிரி. இதைவிட நீளமாக எழுதவேண்டிய அவசியம் இல்லை.

மேலாளர் அவர்களுக்கு,
தேதி: 6-10-2025
பொருள்: ஜூலை–செப்டம்பர் விளம்பரம், ஸ்கீம் செலவு மீறியது பற்றி.

பட்ஜெட் ரூ. 2,00,000. ஆனது ரூ. 2,68,000. கூடுதல் ரூ. 68,000. இதில் இன்னும் பணம் கொடுக்காத அச்சக பில் ரூ. 9,000 சேர்ந்திருக்கிறது.

1. தீபாவளி 11 நாள் முன்னால் வந்ததால் அடுத்த காலாண்டுச் செலவு இதில் வந்தது: போஸ்டர் ரூ. 24,000, செப்டம்பர் கடைசியில் முன்கூட்டிப் போன 700 பெட்டியின் ஸ்கீம் ரூ. 14,000. ஆக ரூ. 38,000. அக்டோபர்–டிசம்பர் பட்ஜெட்டில் இந்த 38,000ஐக் குறைத்துக்கொள்ளவும்.

2. மாவு அடக்க விலை ஏறியதால் ஸ்கீம் பாக்கெட்டுக்கு ரூ. 2 வீதம் 6,000 பெட்டிக்கு ரூ. 12,000. விலை இறங்காவிட்டால் அடுத்த காலாண்டிலும் இது தொடரும்.

3. கூடுதலாக விற்ற 300 பெட்டிக்கு ஸ்கீம் ரூ. 6,000. இதன் லாபம் சுமார் ரூ. 18,000.

4. கடிகாரத்தின் ஜி.எஸ்.டி. ரூ. 4,500. பட்ஜெட்டில் விட்டுப்போனது. கழிக்க முடியாது.

5. ஆட்டோ விளம்பரம் 5 நாள் கூடுதல் ரூ. 7,500. முன் அனுமதி கேட்கவில்லை. இனி ஒரு நாள் கூட்டுவதானாலும் கேட்டுச் செய்கிறேன்.

தீபாவளி முடிந்ததும் 25 கடைகளில் இருப்பு எண்ணி, 700 பெட்டி என்று நான் போட்டது சரிதானா என்று நவம்பர் 5க்குள் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
விற்பனைப் பொறுப்பாளர்

இவ்வளவுதான். இதில் ஐந்து இனம் இருந்தாலும் முதல் இனத்தின் கடைசி வாக்கியத்தில்தான் உயிர் இருக்கிறது: அடுத்த பட்ஜெட்டில் 38,000ஐக் குறைத்துக்கொள்ளவும் என்பது. பண்டிகை முன்னால் வந்துவிட்டது, அதனால் செலவு முன்னால் வந்தது என்று சொல்லாதவர் கிடையாது. அப்படிச் சொல்லிவிட்டு, அடுத்த காலாண்டு வந்ததும் அந்தக் காலாண்டின் பட்ஜெட்டையும் முழுசாகக் கேட்கிறவர்கள் அநேகம். முன்னால் செலவழித்தது நிஜமானால் பின்னால் அது தேவைப்படாது. திருப்பித் தரச் சம்மதிக்காவிட்டால் அது முன்வந்த செலவு அல்ல, கூடுதல் செலவு. மேலாளர் வேறு எதையும் கேட்காவிட்டாலும், “எவ்வளவு திருப்பித் தருகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டால் போதும், குறிப்பின் யோக்கியதை தெரிந்துவிடும்.

திருப்பிக் கேட்பதிலும் மேலாளர் அவசரப்படக் கூடாது. 38,000 குறையவேண்டியது போஸ்டரிலும், ஏற்கெனவே கொடுத்து முடித்த ஸ்கீம் பாக்கெட்டிலும்தான். அக்டோபரில் கடைக்காரர் எடுக்கிற பெட்டிக்கு இலவசப் பாக்கெட் போயே தீரவேண்டும். அதை நிறுத்தினால், செப்டம்பரில் எடுத்தவருக்கு உண்டு, அக்டோபரில் எடுத்த சின்னக் கடைக்கு இல்லை என்று ஆகிவிடும். சின்னக் கடைக்காரர் கையில் பணம் சேர்ந்தபின்தான் சரக்கு எடுக்கிறார். ஒருமுறை ஏமாந்தால், அந்த மார்க்கை எடுத்து அடித்தட்டில் வைத்துவிடுவார்.

700 பெட்டி என்பது வாரக் கணக்கை வைத்துப் போட்ட மதிப்புதான், சத்தியப் பிரமாணம் அல்ல. ஆகவேதான் கடைசி வரியில் கடை இருப்பை எண்ணித் தருவதாக எழுதச் சொன்னோம். அக்டோபர் விற்பனை சென்ற அக்டோபரைவிடச் சுமார் 700 பெட்டி குறைந்தால் கணக்குச் சரி. ஆயிரம் குறைந்தால், வளர்ந்தது என்று எழுதிய 300 பெட்டியும் முன்வந்த சரக்குதான். வளர்ச்சி என்று ஒன்றும் இல்லை. குறையவே இல்லை என்றால், விற்பனை நிஜமாகவே ஏறியிருக்கிறது. பொறுப்பாளர் தன்னைக் குறைத்து எழுதிவிட்டார். இந்த மூன்றையும்விட மோசமான ஒன்று உண்டு. ஸ்கீமுக்காகக் கடைக்காரர் தலையில் சரக்கைக் கட்டியிருந்தால், தீபாவளி கழிந்து பத்து நாள் ஆன பிறகும் பெட்டி பிரிக்காமல் கிடக்கும். கடலை மாவில் வண்டு விழ அதிக நாள் ஆகாது. டிசம்பரில் ரிட்டன் வரும். ரிட்டன் வந்த பெட்டிக்கு ஸ்கீம் பாக்கெட் ஏற்கெனவே போயிருக்கும், அது திரும்பி வராது. அந்த நஷ்டம் எந்தக் காலாண்டு விளம்பரக் கணக்கிலும் தெரியாமல் சேதாரக் கணக்கில் போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே இருப்பை எண்ணப் போகிறவர், பிரித்த பெட்டி எத்தனை, பிரிக்காத பெட்டி எத்தனை என்று தனித்தனியாக எழுதி வரவேண்டும்.

ஸ்கீமுக்கு மொத்தத் தொகையாகப் பட்ஜெட் போடுவதே சரியல்ல என்பதும் நம் கருத்து. சுவர் விளம்பரம், ஆட்டோ, கடிகாரம் ஆகியவை விற்பனை கூடினாலும் குறைந்தாலும் ஆகிற செலவு; அவற்றுக்கு மொத்தத் தொகை சரி. ஸ்கீம் அப்படி அல்ல. பெட்டி போனால் செலவு, போகாவிட்டால் இல்லை. அதற்குப் பெட்டிக்கு இத்தனை ரூபாய் என்றுதான் பட்ஜெட் போடவேண்டும். பெட்டிக்கு ரூ. 20 என்று போட்டிருந்தால், 6,000 பெட்டிக்கு 1,20,000 ஆவது மீறல் என்றே எழுந்திருக்காது. விலையேற்றமான 12,000க்கு மட்டும் விளக்கம் எழுதினால் போதும். விற்பனை குறைந்து 4,000 பெட்டி மட்டும் போன காலாண்டில், “பட்ஜெட்டில் இருபதாயிரம் மிச்சம் பிடித்தோம்” என்று பெருமை பேசவும் முடியாது. அந்த மிச்சத்தை எடுத்து ஆட்டோவுக்குச் செலவழித்துவிட்டு மொத்தத்தில் சரியாக இருக்கிறது என்று காட்டுகிற வித்தையும் அடங்கும்.

இந்தக் குறிப்பு அக்டோபர் 6ஆம் தேதி எழுதியதாகக் காட்டினோம். ஆனால் அதில் உள்ள பெரும்பாலான விஷயம் செப்டம்பர் நடுவிலேயே தெரிந்ததுதான். போஸ்டருக்கு ஆர்டர் கொடுத்த அன்றே 24,000 கூடப் போகிறது என்று தெரியும். பருப்பு விலை ஏறியது கொள்முதல் செய்கிறவருக்கு அன்றைக்கே தெரியும். பில் வந்த தேதி, பணம் கொடுத்த தேதி என்று எழுதுகிற புத்தகம் எல்லாக் கடையிலும் இருக்கிறது. ஆர்டர் கொடுத்த தேதி எழுதும் புத்தகம் பல கடைகளில் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில், இன்ன தேதி, இன்ன வேலை, இன்ன தொகைக்குச் சொல்லியிருக்கிறோம், பட்ஜெட்டில் மீதி இவ்வளவு என்று பொறுப்பாளர் எழுதிவந்து, வாரம் ஒருமுறை மேலாளர் அதில் கையெழுத்துப் போட்டால், ஆட்டோவை ஆறாம் நாள் ஓடவிடுவதா வேண்டாமா என்ற கேள்வி ஆறாம் நாளே மேலாளரிடம் வந்திருக்கும்.

அடுத்த பட்ஜெட் போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். தீபாவளி ஐப்பசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசியைப் பார்த்து வருவதால், வருஷத்துக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகரும். அதிக மாதம் வரும் ஆண்டில் பத்தொன்பது நாள் அளவில் பின்னே தள்ளும். 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. ஆகவே 2025 ஜூலை–செப்டம்பர் கணக்கைப் பார்த்து 2026க்கு எழுதினால் இந்த முறை மறுபக்கம் சாயும்: போஸ்டரும் பண்டிகைச் சரக்கும் அக்டோபருக்குப் போய்விட, செப்டம்பர் காலாண்டில் பட்ஜெட் மிச்சம் நிற்கும், விற்பனையும் குறைந்ததாகத் தெரியும். அந்தக் காலாண்டுக்கும் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். மிச்சத்துக்கு யாரும் குறிப்புக் கேட்பதில்லை. கேட்காததால்தான் அடுத்த காலாண்டு மீறும்போது ஒருவருக்கும் விளங்குவதில்லை.